ஒரு சுற்றில் ஒரே மாற்றம்: தேயிலை பக்கெட் விளம்பரத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டாரவளையிலோ ஹட்டனிலோ இருந்துகொண்டு கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வீடுகளுக்குத் தேயிலை அனுப்புகிற சின்ன வியாபாரிகள் பலர் பேஸ்புக் விளம்பரத்தை நம்பித்தான் ஆர்டர் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட கடைகளுக்கு விளம்பரம் ஓட்டிக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிற ஒவ்வொரு கடையிலும் ஒரே நிலைமைதான். நாலைந்து விளம்பரம் போட்டிருப்பார்கள், அதில் ஒன்று நன்றாக ஓடியிருக்கும். ஏன் ஓடியது என்று கேட்டால் பதில் இருக்காது. ஓடாத விளம்பரத்தில் மலைப் படம், நீளமான எழுத்து, விலை போடவில்லை. ஓடிய விளம்பரத்தில் கோப்பைப் படம், ஒரே வரி, விலை உண்டு, போட்டதும் சம்பளம் விழுந்த வாரம். இத்தனையும் ஒன்றாக மாறியிருக்கும்போது எது வேலை செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த விளம்பரத்தையும் குருட்டாம்போக்கில்தான் செய்ய வேண்டிவரும்.

இதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று ஒரு கடையை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். அரைக் கிலோ தேயிலை பக்கெட், பண்டாரவளையில் கட்டி கூரியரில் அனுப்புகிறார்கள். விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும், அங்கே பேசி ஆர்டர் எடுப்பார்கள், பணம் சாமான் கையில் கிடைத்ததும். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கருத்து, பிறகுதான் படமும் வரியும்

சோதனை என்றதும் பலர் படத்தை மாற்றுவதில் தொடங்குகிறார்கள். அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. இந்தத் தேயிலையை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? அந்தக் காரணத்தைத்தான் இங்கே கருத்து என்கிறேன். நம்முடைய கடைக்கு மூன்று கருத்துகள் கிடைத்தன.

ஒன்று, சாயம்: ஒரு கரண்டி போட்டாலே நல்ல நிறம் இறங்கும், பால் ஊற்றினாலும் வெளிறாது. இரண்டு, புதுசு: கட்டிய திகதி பக்கெட்டின் மேலேயே இருக்கும், மாதக்கணக்கில் கடை அலுமாரியில் கிடந்த தூள் இல்லை. மூன்று, இடம்: ஊவா மலையில் விளைந்தது.

கருத்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்கிறதா என்று பாருங்கள். 'நல்ல சாயம்' என்பதும் 'கடுப்பான தேத்தண்ணி' என்பதும் இரண்டு கருத்து இல்லை, ஒரே காரணத்தை இரண்டு விதமாகச் சொல்வது. அவற்றை மோதவிட்டால் வித்தியாசம் தெரியாமல் பணம்தான் கரையும். எவ்வளவு கரையும் என்பதைக் கணக்குப் பகுதியில் காட்டுகிறேன்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கருத்து மாறினால் வரியும் மாறும், படமும் மாறும். அப்படியானால் ஒரே ஒரு மாற்றம் என்பது எப்படி? கருத்து மாறுவதால் கட்டாயம் மாற வேண்டியதை மட்டும் மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றையும் பூட்டுங்கள் என்பதே பதில். மூன்றுமே ஒற்றைப் படம்தான், ஒன்று வீடியோ மற்றது படம் என்று இருக்கக் கூடாது. மூன்றிலும் பக்கெட் ஒரே அளவில், ஒரே மூலையில். எழுத்து மூன்றிலும் இரண்டே வரி: முதல் வரி கருத்தைச் சொல்லும், இரண்டாவது வரி மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. விலை மூன்றிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றிலும் இருக்கக் கூடாது. இலவச டெலிவரி என்பதை ஒன்றில் மட்டும் சேர்த்தால் நீங்கள் கருத்தைச் சோதிக்கவில்லை, இலவச டெலிவரியைச் சோதிக்கிறீர்கள்.

படம் எடுப்பதில் மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காலை ஏழரைக்கு யன்னலோரம் வெயில் பளிச்சென்று விழும், கால் மணி நேரத்தில் மூடுபனி வந்து எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். சாயம் கருத்துக்கான கோப்பையை வெயிலிலும், புதுசு கருத்துக்கான பக்கெட்டைப் பனியிலும் எடுத்தால் வெளிச்சமே இரண்டாவது மாற்றமாகிவிடும். பிளேன்டீ கண்ணாடிக் கோப்பையில் வெயில் படும்போது வருகிற செந்நிறம் இருக்கிறதே, அது மட்டும் போதும் ஒரு படத்தை ஜெயிக்க வைக்க. ஆகவே மூன்று படத்தையும் ஒரே மேசையில், ஒரே யன்னல் பக்கம், ஒரே இருப்பில் எடுங்கள். எடுத்து முடிப்பதற்குள் பனி இறங்கிவிட்டால் எடுத்ததை வைத்துச் சமாளிக்காமல் அடுத்த நாள் மூன்றையும் திரும்ப எடுங்கள். போனில் பிரகாசத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்த்தால் கோப்பையின் நிறமும் சேர்ந்து மாறிவிடும்.

இடம் என்ற கருத்துக்கு மலைக் காட்சி வேண்டுமே என்று தோன்றும். சரி, அதே மேசையை வைத்து, பின்னால் தெரிகிற தேயிலை மலை கொஞ்சம் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த ட்ரோன் படத்தைக் கொண்டுவந்து போடாதீர்கள்.

விளம்பரத்தை அமைக்கும் விதம்

மூன்று விளம்பரத்தையும் ஒரே ஆட் செட்டுக்குள், அதாவது ஒரே பணத்தையும் ஒரே ஆட்களையும் பகிர்கிற தொகுப்புக்குள் போட்டுவிட்டு, எது ஜெயிக்கிறது பார்க்கலாம் என்று விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது சோதனை ஆகாது. ஒரே ஆட் செட்டுக்குள் பல விளம்பரம் இருந்தால், தொடக்கத்தில் கிடைத்த கொஞ்சம் எதிர்வினையை வைத்து எது தேறும் என்று பேஸ்புக்கை நடத்துகிற மெட்டாவின் அமைப்பு ஊகித்து, பெரும்பகுதிப் பணத்தை அதிலேயே கொட்டும். விற்பனைக்கு அது நல்லதாக இருக்கலாம். மற்ற இரண்டுக்கும் நியாயமான வாய்ப்புக் கிடைத்ததா என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். விளம்பரம் எத்தனை தரம் காட்டப்பட்டது என்று சொல்கிற Impressions நிரலைப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்பதாயிரம், இன்னொன்றுக்கு எழுநூறு என்று இருந்தால் அந்த எழுநூறு தோற்றது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. அது ஓடவே இல்லை.

செய்ய வேண்டியது Ads Manager உள்ளே இருக்கிற A/B test. இது பார்வையாளர்களையே பிரித்துவிடும். ஒரு ஆள் ஒரு கருத்தின் விளம்பரத்தை மட்டுமே பார்ப்பார், மற்ற இரண்டும் அவருக்குப் போகாது. தனித்தனி ஆட் செட் போட்டு அதே ஊர்களைக் கொடுத்தாலும் பணம் சமமாகப் போகும்தான், ஆனால் ஒரே ஆள் மூன்றையும் பார்த்துவிட்டு மூன்றாவதில் மெசேஜ் அனுப்பக்கூடும். அப்போது அந்த மெசேஜ் எதனுடைய வேலை என்று தெரியாது.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் சமமான பணம், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று வைப்போம். ஏழு நாள் ஓடினால் பதிப்பொன்றுக்கு 7,000, மூன்றுக்கும் 21,000. விளம்பரம் தோன்றும் இடங்களை பேஸ்புக், இன்ஸ்டகிராம் பீட் என்று மட்டும் வையுங்கள். ஸ்டோரியிலும் போனால் படம் வேறு விதமாக வெட்டுப்படும், ஒரு படத்தில் பக்கெட் தெரியும், இன்னொன்றில் பாதி காணாமல் போகும். Advantage+ creative என்ற பெயரில் வருகிற தானியங்கி மெருகூட்டல்களை ஒவ்வொரு விளம்பரத்திலும் போய்ப் பார்த்து அணையுங்கள். அவை வெளிச்சத்தைக் கூட்டும், இசை சேர்க்கும், வரிகளின் இடத்தை மாற்றும். நீங்கள் பூட்டி வைத்ததை உங்களுக்குத் தெரியாமலே திறந்துவிடுகிற வேலை அது.

ஏற்கனவே பேஜில் போட்டு லைக் வாங்கிய பதிவை எடுத்து பூஸ்ட் செய்து சோதனையில் சேர்க்காதீர்கள். நாற்பது லைக்கும் 'எங்க வீட்டிலயும் இதுதான்' என்ற கமெண்டும் உள்ள விளம்பரம் வெறும் விளம்பரத்தோடு மோதினால் ஜெயித்தது கமெண்டா கருத்தா என்று தெரியாது. மூன்றும் புதிதாக, பூச்சியத்திலிருந்து தொடங்கட்டும்.

யாருக்குக் காட்டுவது என்பதில் ஒரு வார்த்தை. தமிழ் ஆட்களுக்கு மட்டும் போக வேண்டும் என்று மொழியைத் தமிழாகத் தேர்ந்தால், போனையே தமிழில் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் போகும். நம் ஆட்களில் நிறையப் பேர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் வாசிக்கிறவர்கள். ஊர்களை வைத்துத் தேர்ந்து மொழியைத் திறந்து விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எப்படி வைத்தாலும் மூன்று பதிப்புக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். சிங்களத்தில் ஒரு விளம்பரம் போட ஆசை இருந்தால் அதற்குத் தனிச் சோதனை வையுங்கள்.

ஒரே நேரத்தில், முழு வாரமாக

இந்த வாரம் சாயம், அடுத்த வாரம் புதுசு, அதற்கடுத்த வாரம் இடம் என்று வரிசையாக ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. விளம்பரம் ஒன்றுதான் மாறியது என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் வாரமே மாறியிருக்கிறது. ஒரு வாரத்தில் சம்பளம் வந்திருக்கும், இன்னொரு வாரத்தில் போயா சேர்ந்து நீண்ட விடுமுறை வந்திருக்கும், மழையில் கரண்ட் போய் அரை நாள் யாரும் பதில் போடாமல் இருந்திருப்பார்கள். ஒன்றாக ஓடும்போது இந்தக் குழப்பம் எல்லாப் பதிப்பையும் ஒரே அளவில் தாக்கும், அதனால் ஒப்பீடு கெடாது. ஏப்ரல் புதுவருடம், தீபாவளி, தைப்பொங்கல் வாரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது ஜெயிப்பது அந்த வாரத்துக்கு மட்டும் ஜெயித்ததாக இருக்கலாம்.

தேயிலைக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காற்றுக் காலத்திலும், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் வருகிற தேயிலை தனி ருசி. அந்த மாதத்துச் சரக்கோடு ஓட்டிய விளம்பரத்தையும், மழை மாதத்துச் சரக்கோடு ஓட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பேசக் கூடாது. திரும்ப வாங்குகிறவர்களின் எண்ணிக்கை விளம்பரத்தால் கூடியதா, கோப்பையால் கூடியதா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு, இது தோற்கிறது, எழுத்தை மாற்றுவோம் என்று கை வைத்தால் இரண்டு கெடுதல். அமைப்பு அந்த விளம்பரத்துக்கு ஆள் தேடுவதை மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். அதோடு நீங்கள் எதைச் சோதித்தீர்கள் என்பதே மாறிவிடும்.

எதை எண்ணுவது

நமக்கு வேண்டியது ஆர்டர். ஆனால் ஒரு வாரத்தில் வருகிற ஆர்டர் கொஞ்சம், மெசேஜ் அதைவிடக் கூட. எண்ணிக்கை கூட இருந்தால்தான் வித்தியாசம் சீக்கிரம் தெரியும் என்பதால் மெசேஜை முதலாவதாகவும் ஆர்டரைக் காவலாகவும் வைத்துக்கொள்கிறேன். லைக்கை எண்ணவே வேண்டாம். மலைப் படத்துக்கு லைக் விழும், தேயிலை விற்காது.

எந்த மெசேஜ் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே. வாட்ஸ்அப் பிஸ்னஸில் விளம்பரத்தைத் தொட்டு வந்த உரையாடலின் தலையில் அந்த விளம்பரம் சின்னதாகத் தெரியும். வந்தவுடனே 'சாயம்', 'புதுசு', 'இடம்' என்று ஒரு லேபல் போடுங்கள். ராத்திரிக்குச் சேர்த்துப் போடலாம் என்று விட்டால் பத்தில் இரண்டு தவறும். ஆர்டர் உறுதியானால் இன்னொரு லேபல்.

பதில் போடுகிற ஆளும் பதிலும்கூடப் பூட்ட வேண்டியவைதான். காலையில் தங்கச்சி மெதுவாக விளக்கிப் பேசி, மாலையில் அண்ணன் விலையை மட்டும் அனுப்பிவிட்டுப் போனால் ஆர்டர் எண்ணிக்கை அவர்களுடைய பேச்சைக் காட்டும். எல்லோருக்கும் போகிற முதல் பதிலை ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு அதையே அனுப்புங்கள்.

வித்தியாசம் நிஜமா, தற்செயலா

ஒரு வாரம் முடிந்தது. சாயம் 58 மெசேஜ், புதுசு 41, இடம் 31. சாயம்தான் ஜெயித்தது என்று உடனே எழுதிவிடக் கை வரும். கொஞ்சம் பொறுங்கள். ஒரே விளம்பரத்தை இரண்டு தரம் ஓட்டினால்கூட எண்ணிக்கை ஒன்றாக வராது, ஐம்பதுக்கு நாற்பத்தி நாலு என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். இரண்டு பக்கமும் சமமான பணம் செலவாகியிருந்தால் போன் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம்:

```
|A − B| > 2 × √(A + B)
```

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். இரண்டும் உண்மையில் ஒரே அளவில் வேலை செய்பவை என்றால், இதைத் தாண்டிய வித்தியாசம் தற்செயலாக வர இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. இரண்டுக்கு மேற்பட்ட பதிப்புகள் மோதும்போதும், நடுவில் ஒரு தரம் பார்த்துவிட்டு இன்னொரு வாரம் நீட்டும்போதும் தற்செயலாக ஒன்று முந்துவதற்கு இடம் கூடும். அப்போது நான் இரண்டுக்குப் பதில் இரண்டரையால் பெருக்குகிறேன்.

நம்முடைய கணக்கில் மூன்று பதிப்பு, ஆகவே இரண்டரை. சாயத்துக்கும் இடத்துக்கும் வித்தியாசம் 27. கூட்டுத்தொகை 89, அதன் வர்க்கமூலம் 9.4, இரண்டரை மடங்கு 23.6. தாண்டிவிட்டது, இடம் என்ற கருத்தை விடலாம். சாயத்துக்கும் புதுசுக்கும் வித்தியாசம் 17. கூட்டுத்தொகை 99, வர்க்கமூலம் 9.9, இரண்டரை மடங்கு 24.9. தாண்டவில்லை. ஆகவே இரண்டையும் இன்னொரு வாரம் ஓட்டுகிறோம். தெளிவாகாவிட்டால் இரண்டாவது வாரம் உண்டு, மூன்றாவது வாரம் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். நமக்குப் பிடித்த பதில் வரும்வரை நீட்டிக்கொண்டே போனால் எதையும் ஜெயிக்க வைக்கலாம்.

இரண்டாவது வாரமும் சேர்ந்து சாயம் 113, புதுசு 77. வித்தியாசம் 36, கூட்டுத்தொகை 190, வர்க்கமூலம் 13.8, இரண்டரை மடங்கு 34.5. தாண்டிவிட்டது. ஆர்டர் பக்கம் பார்த்தால் சாயம் 39, புதுசு 24. அது தனியாக நிரூபிக்கப் போதாவிட்டாலும் அதே திசையில்தான் போகிறது. இப்போது சாயம் என்று எழுதலாம்.

இதே சூத்திரம் இன்னொன்றும் சொல்லித்தரும். சாதாரண இரண்டு மடங்குக் கணக்கிலேயே, ஒரு விளம்பரம் மற்றதைப் போல இரண்டு மடங்கு மெசேஜ் கொண்டுவந்தால் 24க்கு 12 என்ற அளவைத் தாண்டியதுமே தெரிந்துவிடும். ஒன்றரை மடங்கு என்றால் 60க்கு 40ஐத் தாண்ட வேண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் கூட என்றால் 264க்கு 220ஐத் தாண்ட வேண்டும். மெசேஜ் ஒன்று 150 ரூபா விழுகிற கடை, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் காண எழுபதாயிரத்துக்கும் மேல் செலவழிக்க வேண்டும். சின்னக் கடைகள் சின்ன வித்தியாசங்களைத் தேடவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எழுத்தின் நிறம், பட்டனில் வருகிற சொல், ஒரு ஆச்சரியக்குறி கூடவா குறையவா என்பதெல்லாம் பெரிய கம்பனிகள் பார்த்துக்கொள்ளட்டும். நம் பணத்துக்குத் தெரிகிற அளவு பெரிய வித்தியாசம் கருத்திலும், படத்திலும், விலையைச் சொல்லும் விதத்திலும்தான் இருக்கும்.

இரண்டாவது சுற்று: படம்

கருத்து தீர்ந்தது. இனி அதைப் பூட்டிவிட்டு ஒரு படி கீழே இறங்குகிறோம். சாயத்தைக் காட்ட இரண்டு படம்: பால் டீயை ஆற்றி ஊற்றும்போது விழுகிற தாரை ஒன்று, கரண்டியில் அள்ளிய தூள் பக்கத்தில் இருக்க பிளேன்டீக் கோப்பை இன்னொன்று. வரி, விலை, ஊர்கள், பணம் எல்லாம் பழையபடி.

ஏற்கனவே ஜெயித்த விளம்பரத்தில் பிளேன்டீப் படம்தான் இருந்தது, அதையே அப்படியே ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் புதிய விளம்பரமாகத் திரும்பப் போடுங்கள். பழையதற்கு இரண்டு வாரத்து லைக் சேர்ந்திருக்கும். ஜெயித்ததை ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஒரு பக்கம் வைத்துக்கொண்டே போவது நல்லது. புதியது அதைத் தாண்டினால்தான் இடம் மாற வேண்டும்.

வந்த முடிவு, ஆற்றுகிற படம் 52, பிளேன்டீ 47. வித்தியாசம் 5, தாண்ட வேண்டியது 20. தெளிவில்லை. இப்படி வருவது தோல்வி இல்லை. இந்தக் கடைக்கு இந்த இரண்டு படத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது தெரிந்துவிட்டது. எடுக்கச் சுலபமானதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மூன்றாவது சுற்று: விலை

இதில்தான் மெசேஜை மட்டும் எண்ணுகிறவர்கள் விழுகிறார்கள். கருத்தும் படமும் பூட்டியாயிற்று. இதுவரை எல்லா விளம்பரத்தையும் விலை இல்லாமல் ஓட்டினோம் என்று வைப்போம். இப்போது ஒன்றில் இரண்டாவது வரியாக 'அரைக் கிலோ 1,300 ரூபா', மற்றதில் 'விலைக்கு மெசேஜ் பண்ணுங்க'.

ஒரு வாரத்தில் விலை இல்லாதது 90 மெசேஜ், விலை போட்டது 62. வித்தியாசம் 28, தாண்ட வேண்டியது 24.7. மெசேஜ் கணக்கில் விலை இல்லாதது தெளிவாக ஜெயித்துவிட்டது. லேபலைத் திறந்து ஆர்டரைப் பார்த்தால் கதை வேறு. விலை இல்லாததில் 22, விலை போட்டதில் 31. ஆர்டர் வித்தியாசம் 9தான், தாண்ட வேண்டியது 14.6, ஆகவே விலை போட்டதுதான் சிறந்தது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விலை இல்லாதது சிறந்தது என்று மெசேஜ் சொன்னதை ஆர்டர் ஏற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். 'எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு, சொன்னதும் காணாமல் போகிற ஆட்களை அது கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் போடுவது வீட்டில் யாரோ ஒருவருடைய நேரம். நானாக இருந்தால் விலை போட்டதையே வைத்துக்கொள்வேன்.

மாற்றுகிற விஷயம், கேட்க வேண்டிய கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிற வகையாக இருந்தால் மெசேஜ் எண்ணிக்கையை நம்பாதீர்கள். விலை அப்படி ஒன்று. எந்த ஊருக்கு டெலிவரி உண்டு என்பதும் அப்படித்தான். அந்தச் சுற்றுகளை ஆர்டரில் தீருங்கள், இரண்டு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை.

ஒன்றொன்றாக மாற்றுவது எங்கே ஏமாற்றும்

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. படத்தைத் தனியாகவும் வரியைத் தனியாகவும் சோதிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சில நேரம் பாதிக்கும். கரண்டியும் தூளும் படத்தில் இருக்க, 'ஒரு கரண்டி போதும்' என்ற வரி படம் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. ஆற்றுகிற படத்தோடு அதே வரி புதிதாக ஒன்றைச் சொல்கிறது. கரண்டிப் படத்தோடு மட்டும் சோதித்து அந்த வரியைத் தூக்கி எறிந்திருந்தால் நல்ல வரி ஒன்று போயிருக்கும்.

அப்படிச் சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். இரண்டு படம், இரண்டு வரி, ஆக நான்கு விளம்பரம், நான்குக்கும் சமமான பணம். படத்தின் பலனைப் பார்க்க, முதல் படம் உள்ள இரண்டின் மெசேஜையும் கூட்டி, இரண்டாவது படம் உள்ள இரண்டோடு ஒப்பிடுங்கள். வரிக்கும் அதே மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விளம்பரத்துப் பணமும் பயன்படுவதால் தனித்தனியாக இரண்டு சுற்று ஓட்டுவதைவிட இது சிக்கனம். ஒரு காரணியை மட்டும் மாற்றாமல் பலவற்றை ஒழுங்காகக் கலந்து மாற்று என்று ரொனால்ட் பிஷர் 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு வாதாடியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். பாலை முதலில் ஊற்றியதா தேநீரை முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்ற ஒரு பெண்மணிக்கு எட்டுக் கோப்பை கொடுத்துச் சோதித்தவரும் அவர்தான். ஆனால் நான்கு விளம்பரத்தையும் தோன்றியபடி போட்டால் இது வேலை செய்யாது. ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வரியோடும் கட்டாயம் சேர வேண்டும். மூன்று விஷயமாக்கினால் எட்டு விளம்பரம் ஆகிவிடும், அதற்குச் சின்னக் கடையின் பணம் தாங்காது. அதனால்தான் பெரிய கேள்விகளை ஒன்றொன்றாகவும், ஒட்டிப் பிறந்த இரண்டை மட்டும் சேர்த்தும் வைக்கச் சொல்கிறேன்.

ஜெயித்தது எவ்வளவு நாள் தாங்கும்

ஜெயித்த விளம்பரத்தை ஓட்டும்போது Frequency நிரலை வாரத்துக்கு ஒரு தரம் பாருங்கள். ஒரே ஆள் சராசரியாக எத்தனை தரம் பார்த்தார் என்பதை அது சொல்லும். நாடு முழுதும் ஓட்டினால் மெதுவாக ஏறும். நுவரெலியா, பதுளை மாவட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் ஆட்கள் குறைவு, சீக்கிரம் ஏறிவிடும். அது ஏறிக்கொண்டிருக்க மெசேஜ் ஒன்றின் விலையும் கூடவே ஏறினால் ஆட்களுக்கு அலுத்துவிட்டது. அப்போது கருத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கருத்தை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் புதிதாக்குங்கள், அதுவும் பழையதோடு மோதவிட்டுத்தான்.

இத்தனையையும் எழுதி வைக்க ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி போதும். சுற்று தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: கேள்வி என்ன, மாறுவது எது, பூட்டியவை எவை, எதை எண்ணப்போகிறோம், எத்தனை நாள், எவ்வளவு வித்தியாசம் வந்தால் ஏற்போம். சுற்று முடிந்ததும் கீழே எண்ணிக்கையும், அந்த வாரத்தில் கரண்ட் போனது, கூரியர் தாமதமானது மாதிரி நடந்தவையும். முடிவு தெளிவில்லாமல் வந்த சுற்றையும் விடாமல் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது ஆற்றுகிற படத்துக்கும் பிளேன்டீப் படத்துக்கும் இடையே இன்னொரு சோதனை வைப்போம் என்று வரும்போது, 14,000 ரூபாவை இரண்டாவது தரமும் கட்டாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.